பாம்புக்கடி முதலுதவி: ஒலி இல்லாமல் பார்க்கும் செங்குத்துத் திரை வீடியோவுக்கு ஒரு ஸ்கிரிப்ட்டை மாற்றி எழுதிய நிகழ்வு ஆய்வு

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, குடியாத்தம், காட்பாடி பக்கத்துக் கிராமங்களில் காண்பிப்பதற்காக எழுதப்பட்ட ஒரு விழிப்புணர்வு வீடியோதான் இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள். பாம்பு கடித்தவுடன் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். மூல ஸ்கிரிப்ட் 2 நிமிடம் 40 நொடி ஓடும்; பின்னணிக் குரல் சொல்லிக்கொண்டு போக, காட்சிகள் அதன் பின்னால் வரும். ஊர்க் கூட்டத்தில் திரை கட்டிப் போட்டுக் காட்டும்போது இது பிழையில்லாமல் வேலை செய்தது. அதையே செல்போனில் செங்குத்துத் திரையாக, ரீல்ஸ், ஷார்ட்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வழியாகக் கொண்டுபோக முடிவானபோதுதான் சிக்கல் தெரிந்தது.

இந்த வீடியோக்களை மக்கள் பார்க்கும் இடங்களை நினைத்துப் பார்த்தால் போதும். வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் அடுக்கம்பாறை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், மருத்துவமனை வரவேற்பறையில் டோக்கன் நம்பருக்காக உட்கார்ந்திருப்பவர், பிள்ளை தூங்கிய பிறகு பாயில் படுத்தபடி போனைத் தள்ளிக்கொண்டிருப்பவர். இவர்களில் யாரும் ஒலியைத் திறந்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே செய்தி முழுவதையும் எழுத்தும் படமும் மட்டுமே சுமக்க வேண்டும்.

ஒலியை அடைத்துப் பார்த்தபோது

மூல ஸ்கிரிப்ட்டின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

காட்சி: வயல் வரப்பில் ஒருவர் கீழே உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் ஓடி வந்து, தலையில் கட்டியிருந்த துண்டைக் கிழித்து, கெண்டைக்காலுக்கு மேலே இழுத்து இறுக்கிக் கட்டுகிறார். நெருக்கக் காட்சி.

குரல்: "பாம்பு கடித்தவுடன் விஷம் மேலே ஏறாமல் இருக்க, கடிவாய்க்கு மேலே கயிற்றாலோ துணியாலோ இறுக்கிக் கட்டும் பழக்கம் நம்மிடையே இருந்து வருகிறது. இது முற்றிலும் தவறான முறையாகும். இப்படிக் கட்டுவதால் ரத்த ஓட்டம் தடைபட்டு, காலையே இழக்கும் நிலை ஏற்படலாம்."

குரலோடு பார்த்தால் இது ஒரு எச்சரிக்கை. குரலை எடுத்துவிட்டால், இது கயிறு கட்டுவது எப்படி என்பதற்கான செய்முறை விளக்கம். எட்டு நொடி நெருக்கக் காட்சியில் முடிச்சு போடும் விதம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. எடிட்டர் குரலை அப்படியே தட்டச்சு செய்து கீழே கேப்ஷனாக ஓட விட்டிருந்தார். அதுவும் காப்பாற்றவில்லை. முதல் கேப்ஷன் "விஷம் மேலே ஏறாமல் இருக்க, கடிவாய்க்கு மேலே" என்று முடிந்தது. அடுத்தது "கயிற்றாலோ துணியாலோ இறுக்கிக் கட்டும்" என்று வந்தது. "தவறான முறை" என்ற சொல் திரைக்கு வரும்போது கட்டும் காட்சி முடிந்து, வேறு ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

ஒலியை அடைத்த போனைக் கையில் கொடுத்து, ஒரே ஒரு முறை பார்க்க விட்டு, "இன்னா பண்ணணும்னு சொல்றாங்கக்கா?" என்று கேட்டபோது குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண் தயங்காமல் சொன்ன பதில்: "மேல துணி போட்டு கட்டணும்பா. அதான் காட்றாங்களே." அவர் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். கேப்ஷனைப் பார்க்காமலும் இல்லை. தெரிந்த ஒரு பழக்கத்தைப் படம் உறுதிப்படுத்தியது. எழுத்து அதைத் தடுக்கும் வேகத்தில் வரவில்லை. விழிப்புணர்வு வீடியோவே தவறான முதலுதவியைப் பரப்பும் நிலை இது. மாற்றி எழுதும் வேலை முழுவதும் இந்த ஒரு பதிலைச் சுற்றித்தான் நடந்தது.

எதை வைப்பது, எதை விடுவது

மூல ஸ்கிரிப்ட்டில் ஐந்து பொருள்கள் கலந்திருந்தன: பாம்பு வகைகள், கடித்த அறிகுறிகள், முதலுதவி, கடிக்காமல் தடுப்பது, பாம்புக்கடியைத் தமிழ்நாடு அரசு 2024-இல் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்த செய்தி. கடைசியில் சொன்னது மருத்துவமனைகளுக்கு உரிய தகவல். வயலில் நிற்பவர் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அது முதலில் போனது. தடுப்பு முறைகள் (டார்ச், பூட்ஸ், தரையில் படுக்காமல் கட்டிலில் படுப்பது, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுவது) தனி வீடியோவுக்குப் போயின.

கட்டுவிரியன் பகுதியை விடுவதற்குத்தான் நிறைய யோசனை தேவைப்பட்டது. அது இரவில் தூங்குபவரைக் கடிக்கும். வலியோ தடமோ பல நேரம் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்குவது, பேச்சு குழறுவது என்றுதான் வெளிப்படும். உயிர் காக்கும் தகவல்தான் இது. ஆனால் "கடித்தது தெரிந்தால் என்ன செய்வது" என்பதும், "கடித்ததே தெரியாதபோது எப்படிச் சந்தேகிப்பது" என்பதும் இரண்டு வேறு கேள்விகள். அரை நிமிடத்தில் இரண்டையும் வைத்தால், முதல் கேள்விக்கு வந்தவர் இரண்டாவதில் குழம்புவார். கட்டுவிரியனுக்கென்று இன்னொரு வீடியோ என்று முடிவானது.

மிஞ்சியது முதலுதவி மட்டும். அதிலும் சொல்லும் வரிசை மாறியது. மூலத்தில் 108 கடைசியில் வந்தது, சொற்பொழிவில் வேண்டுகோள் கடைசியில் வருவதுபோல. செங்குத்துத் திரை வீடியோவில் பாதியிலேயே தள்ளிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஆகவே பார்ப்பவர் எந்த இடத்தில் விட்டுப் போனாலும், அதுவரை பார்த்தது தனியாக நிற்க வேண்டும் என்ற கணக்கில் அடுக்கினால், உட்காருவதும் ஆம்புலன்ஸும் முதல் ஆறு நொடிக்குள் வந்தாக வேண்டும். அதோடு "அரசு மருத்துவமனை · 108" என்ற ஒரு பட்டை வீடியோ முழுவதும் மேலே அசையாமல் நிற்கிறது. மாறும் கேப்ஷனில் இந்த இரண்டையும் மீண்டும் மீண்டும் எழுதும் தேவை இதனால் இல்லாமல் போனது.

"வேண்டாம்" எங்கே நிற்க வேண்டும்

ஒலியில்லாத தமிழ்க் கேப்ஷனில் தவறுகள் அதிகம் நேர்வது எதிர்மறை வாக்கியத்தில்தான். தமிழில் மறுப்பு வினையோடு ஒட்டிக்கொண்டு வாக்கியத்தின் கடைசியில் வரும். பேசும்போது குரலின் ஏற்றமும் முகமும் அது தடை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். திரையில் அந்த உதவி இல்லை. "கயிற்றால் இறுக்கிக்" என்று ஒரு வரியும் "கட்டாதீர்கள்" என்று அடுத்த வரியும் இருந்தால், கண் முதல் வரியைப் படித்ததும் படத்துக்குத் தாவிவிடுகிறது.

இன்னும் ஒன்றைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். "கட்டுங்கள்", "கட்டாதீர்கள்" இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். தொடக்கமும் ஒன்றே, முடிவும் ஒன்றே. நடுவில் இருக்கும் "டா", "தீ", "ர்" மட்டும்தான் பொருளைத் தலைகீழாக்குகின்றன. நிதானமாகப் படிக்கும் புத்தகத்தில் இது பிரச்சினையே இல்லை. ஓடும் பஸ்ஸில், இரண்டு நொடி நிற்கும் எழுத்தில், கண் சொல்லின் முழு வடிவத்தைப் பிடிக்கிறதே தவிர எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை. "கட்டுங்க", "கட்டாதீங்க" என்று பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாலும் இதே கதைதான்.

இதற்காக மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டன.

முதலாவது, தடையைச் செயலாக மாற்ற முடிந்த இடங்களில் எல்லாம் மாற்றியது. "நடக்க விடாதீர்கள்" என்பது "தூக்கி வண்டியில் படுக்க வையுங்க" ஆனது. "பதற்றப்படாதீர்கள், ஓடாதீர்கள்" என்பது "விலகி வந்து உட்காருங்க" ஆனது. செய்ய வேண்டியதைப் படமாகக் காட்ட முடியும். செய்யக் கூடாததைக் காட்டினால் அதைச் செய்துதான் காட்ட வேண்டும்.

இரண்டாவது, அப்படி மாற்ற முடியாத மூன்று தடைகளில் "வேண்டாம்" தனிச் சொல்லாக, தனி வரியாக, மேலே வந்தது. கீழே பெயர்ச்சொல் போல ஒரு தொடர்: "வேண்டாம் / கயிற்றுக் கட்டு". "வேண்டாம் / கீறுவது, உறிஞ்சுவது". "வேண்டாம் / பாம்பைத் தேடுவது". பேச்சில் யாரும் இந்த வரிசையில் பேசமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் கடையில் "கடன் இல்லை", சுவரில் "நோட்டீஸ் ஒட்டாதே" என்பதுபோல ஒரு அறிவிப்புப் பலகையின் மொழியாக இதை எல்லாரும் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கடைசித் தடைக்கு ஒரு காரணமும் உண்டு: இங்கே கொடுக்கப்படும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது. எந்தப் பாம்பு என்று காட்டப் பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய தேவை இல்லை. இந்தக் காரணம் கேப்ஷனில் வராது. குரலில் மட்டும் இருக்கிறது.

மூன்றாவது, தடை வரும் மூன்று இடங்களிலும் காட்சியே இல்லை. கறுஞ்சிவப்புப் பின்னணியில் எழுத்து மட்டும். கயிறு கட்டுவதைக் காட்டி அதன் மேல் பெருக்கல் குறி போட்டால் போதாதா என்று எடிட்டர் கேட்டார். போதாது. வாட்ஸ்அப்பில் வீடியோ தொடங்கும் முன் தெரியும் சிறு படத்துக்கோ, யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும் படத்துக்கோ எந்த நொடி போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை. குறி அரை நொடி தாமதமாக விழுந்தால்கூட, அதற்கு முந்தைய நொடி தவறான செய்முறையாக நிற்கும்.

குச்சியும் துணியும்: ஒரு புதிய குழப்பம்

கயிறு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தபோது அதே குழப்பம் இன்னொரு வழியில் உள்ளே வந்தது. கடித்த கை, காலை எலும்பு முறிந்ததுபோல அசையாமல் வைப்பது சரியான முதலுதவி. அதற்கு நீளமான குச்சியோ மடித்த அட்டையோ வைத்துத் துணி சுற்ற வேண்டும். முதல் வரைவில் இதற்கு எழுதிய கேப்ஷன் "காலோடு கட்டை வைத்துக் கட்டுங்க". படத்தில் கால், துணி, முடிச்சு. ஒலி இல்லாமல் பார்ப்பவருக்கு இது மறுபடியும் "காலில் கட்டு போடு" என்றே போய்ச் சேர்ந்தது. கட்டை, கட்டு, கட்டுங்க என்று ஒரே உருவம் மூன்று தடவை வந்தது வேறு.

எனவே "கட்டை" "குச்சி" ஆனது. "கட்டுங்க" "சுற்றுங்க" ஆனது. படத்தில் குச்சி தொடையிலிருந்து பாதம் வரை காலின் பக்கவாட்டில் நீளமாகத் தெரிகிறது. துணி பல இடங்களில் அகலமாகச் சுற்றியிருக்கிறது. அதன் பிறகு ஒரு நெருக்கக் காட்சி: சுற்றிய துணிக்கும் காலுக்கும் நடுவில் ஆள்காட்டி விரல் எளிதாக நுழைந்து வெளியே வருகிறது. கேப்ஷன்: "துணி தளர்வாக: / ஒரு விரல் நுழையணும்". மூல ஸ்கிரிப்ட்டில் இந்த விரல் இல்லை. குரல் "இறுக்கமாக இல்லாமல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது. இறுக்கம் எவ்வளவு என்பதைக் குரல் சொல்லலாம், எழுத்து சொல்லலாம். ஆனால் விரல் நுழைவதைப் பார்த்தவர் மறப்பதில்லை. முழு வீடியோவிலும் அதிக வேலை செய்யும் மூன்று நொடி இது.

எழுத்தும் நேரமும்

எடிட்டிங் செயலிகள் கேப்ஷன் நீளத்தைக் குறியீட்டு எண்ணிக்கையில் காட்டும். அந்த எண்ணைத் தமிழுக்கு அப்படியே நம்பக் கூடாது. "பாம்பு" நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு குறியீடு. "உட்காருங்க" நமக்கு ஆறு, கணினிக்குப் பத்து. சொற்களை எண்ணுவதும் உதவாது, ஏனென்றால் "மருத்துவமனையிலிருந்து" என்பது ஒரே சொல். எண்ண வேண்டியது நாம் வாயால் சொல்லி எண்ணும் எழுத்துகளைத்தான், மெய்யெழுத்தையும் சேர்த்து.

இந்த வீடியோவுக்குப் பின்பற்றிய அளவு: ஒரு வரிக்கு 14 எழுத்துக்குள், ஒரு கேப்ஷனுக்கு இரண்டு வரிக்கு மேல் இல்லை, பத்து எழுத்துக்கு ஒரு நொடி, அதற்கு மேல் கண் படத்துக்குப் போய்வர முக்கால் நொடி. "விலகி வந்து உட்காருங்க" பன்னிரண்டு எழுத்து. மேல் வரி எட்டு. இருபது எழுத்துக்கு இரண்டு நொடி, படத்துக்கு முக்கால்; மூன்று நொடியாக வைத்தது. தடைப் பலகைகளில் படம் இல்லாததால் அந்த முக்கால் நொடி தேவையில்லை. அவை ஒவ்வொன்றும் இரண்டு நொடி.

மொழிநடையிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. "கழற்றுங்கள்" என்ற எழுத்து நடை மரியாதையானது, ஆனால் நீளம். முழுப் பேச்சு நடையில் "கயட்டுங்க" என்று எழுதினால், காதுக்குப் பழக்கமான சொல் கண்ணுக்குப் புதிதாக இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிவரும். ஆகவே சொல்லின் அடி எழுத்து நடையிலும், முடிவு "-ங்க" என்ற பேச்சு மரியாதையிலும் நிற்கிறது: கழற்றுங்க, வையுங்க, அழையுங்க. வடாற்காட்டு வட்டார வழக்கைக் குரலுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

சுருக்கும்போது ஒரு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. "விஷமுறிவு மருந்து" என்பதை இடம் போதவில்லை என்று "விஷ மருந்து" என்று யாரோ வெட்டியிருந்தார்கள். கிராமத்தில் விஷ மருந்து என்றால் பூச்சிமருந்துதான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லில் ஓர் எழுத்தையும் குறைக்க முடியாது. பதிலாக "அரசு மருத்துவமனையில்" என்பதை எடுத்துவிட்டு "அங்கே" என்று போட்டால் போதும். மேலே நிற்கும் பட்டை எங்கே என்பதைச் சொல்லிவிடுகிறது.

முதல் ஐந்து கேப்ஷன்கள் கோப்பில் இப்படி இருக்கின்றன:

```
1
00:00:00,000 --> 00:00:03,000
பாம்பு கடித்ததா?
விலகி வந்து உட்காருங்க

2
00:00:03,200 --> 00:00:06,000
108-க்கு அழையுங்க
அல்லது வண்டி பிடியுங்க

3
00:00:06,200 --> 00:00:09,200
மோதிரம், மெட்டி, கொலுசு
உடனே கழற்றுங்க

4
00:00:09,400 --> 00:00:12,400
காலோடு குச்சி வைத்து
துணி சுற்றுங்க

5
00:00:12,600 --> 00:00:15,600
துணி தளர்வாக:
ஒரு விரல் நுழையணும்
```

இதன் பிறகு மூன்று தடைப் பலகைகள். பிறகு "தூக்கி வண்டியில் / படுக்க வையுங்க". கடைசியில் "விஷமுறிவு மருந்து / அங்கே இலவசம்". எல்லாம் சேர்ந்து 29 நொடிக்குள் முடிகிறது. வீடியோ முடிந்ததும் தானாக மறுபடி ஓடும் என்பதால், கடைசிக் கேப்ஷனை அடுத்து முதல் கேப்ஷன் வந்தாலும் உறுத்தாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். "நன்றி", அமைப்பின் சின்னம் எல்லாம் கடைசியில் வைத்தால் அந்த ஓட்டம் அறுந்து, பார்ப்பவர் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவார்.

மோதிரம், மெட்டியைக் கழற்றச் சொல்வது ஏன் என்று மூலத்தில் ஒரு விளக்கம் இருந்தது: வீக்கம் வந்தால் அவை இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கேப்ஷனில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. காரணம் தெரியாமலேயே செய்யக்கூடிய எளிய வேலை அது. ஆனால் கயிறு கட்டக் கூடாது என்பதற்குக் காரணம் தேவைப்படுகிறது, ஏனென்றால் அது ஊறிப்போன நம்பிக்கைக்கு எதிரானது. அந்தக் காரணம் பதிவின் கீழே எழுதும் குறிப்பிலும் குரலிலும் வருகிறது.

திரையில் இடமும் எழுத்துருவும்

சட்டகம் 1080 × 1920 பிக்சல். கீழ்ப்பகுதியில் கணக்கின் பெயரும் பதிவின் குறிப்பும், வலது பக்கத்தில் விருப்பம், பகிர்வு பொத்தான்களும் உட்கார்ந்துவிடும். மேலே சுமார் 14 சதவீதம், கீழே சுமார் 35 சதவீதம், இரு பக்கமும் 6 சதவீதம் விட்டுவிட்டால் பெரும்பாலும் எழுத்து மறையாது. பிக்சலில் சொன்னால், மேலிருந்து 270-க்கும் 1250-க்கும் நடுவில் இருப்பதுதான் எழுத்துக்கான இடம். மூல வீடியோவில் சினிமா வழக்கப்படி கேப்ஷன் அடியில் இருந்தது; ரீல்ஸில் ஏற்றியபோது இரண்டாம் வரி பதிவின் குறிப்புக்குப் பின்னால் போய்விட்டது. தமிழில் இரண்டாம் வரியில்தான் வினை இருக்கிறது என்பதால், மறைந்தது வாக்கியத்தின் உயிர்ப்பகுதி.

எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், தடித்த எடை, அளவு 72 பிக்சல். அலங்கார எழுத்துருக்கள் சிறு திரையில் "ண", "ன", "ள" ஆகியவற்றை ஒன்றாகக் காட்டுகின்றன. எழுத்தைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு போடும் வழக்கம் ஆங்கில எழுத்துக்கு ஒத்துவரும். தமிழில் "ண", "ணை" ஆகியவற்றின் சுழிகளை அடைத்துவிடும். அதற்குப் பதில் எழுத்துக்குப் பின்னால் அரைகுறையாக ஒளி ஊடுருவும் கறுப்புப் பெட்டி. வரி இடைவெளி எழுத்தின் அளவைப்போல 1.4 மடங்கு, குறைத்தால் மேல் வரியின் "ழு", "று" ஆகியவற்றின் வால் கீழ் வரியின் புள்ளியையும் மேல்விலங்கையும் தொட்டுவிடும். பிரீமியர் ப்ரோவில் "கெ", "கொ" உடைந்து கொம்பு தனியாக நின்றால், எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. அமைப்புகளில் Graphics பகுதியில் `South Asian and Middle Eastern` என்ற எழுத்து இயக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சாகிற அசைவு இந்த வீடியோவில் எங்கும் இல்லை. அந்த அசைவைப் பல செயலிகள் குறியீடு குறியீடாகவே செய்கின்றன. "கொலுசு" வரும்போது முதலில் "க" தோன்றி, பிறகு அதன் இரு பக்கமும் கொம்பும் காலும் முளைத்து எழுத்து நகர்கிறது. கண் அதைத் துரத்தவே நேரம் போய்விடும். சொல் சொல்லாக ஒளிரும் அசைவிலும் மறுப்பு கடைசியில் ஒளிரும் பிரச்சினை இருக்கிறது. இரண்டு வரியும் ஒரே நேரத்தில் முழுதாகத் தோன்றி, முழுதாக மறைவதே நல்லது.

மீண்டும் காட்டிப் பார்த்ததில்

புதிய வடிவத்தை அதே முறையில், ஒலியில்லாமல் ஒரே முறை காட்டிக் கேட்டபோது கயிறு பற்றிய பதில் மாறியது: "கட்டக் கூடாதாம்ணா, குச்சி வெச்சி தளர சுத்தணுமாம்." எதிர்பாராத குழப்பம் ஒன்று மிஞ்சியது. "108-க்கு அழையுங்க / அல்லது வண்டி பிடியுங்க" என்ற கேப்ஷனுக்கு வைத்த படத்தில் இருசக்கர வாகனம் இருந்தது. கடிபட்டவரே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். மலையடிவாரத்து ஊர்களில் ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் பைக்கில் போவது சில நேரம் தவிர்க்க முடியாதது. ஆகவே பைக்கை எடுத்துவிடவில்லை. ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் கடிபட்டவர் உட்கார்ந்திருக்கும்படி படம் மாறியது. கேப்ஷனில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

படிக்கத் தெரியாதவருக்கு இந்த முறை பாதிதான் உதவும். படம் மட்டும் பார்த்தால் அவருக்கு உட்காருவது, குச்சி, விரல், வண்டி நான்கும் கிடைக்கும், தடைகள் கிடைக்காது. அதனால் குரல் அப்படியே இருக்கிறது, கேப்ஷனில் உள்ளதையே முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு சேர்க்கிறது. குரல் ஒன்றும் எழுத்து ஒன்றுமாக இருந்தால், ஒலியோடு பார்ப்பவர் இரண்டையும் இழப்பார்.

பேரணாம்பட்டு பக்கம் உருதும், ஆந்திர எல்லை ஓரத்தில் தெலுங்கும் வீட்டில் பேசுபவர்கள் உண்டு. ஒரே திரையில் இரண்டு மொழி போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான் மிஞ்சும். "வேண்டாம்" தனி வரியாக நிற்க முடியாது. அந்த மொழிகளுக்குத் தனித்தனிக் கோப்பாகவே வெளியிட வேண்டும். அங்கே மறுப்பு எந்த இடத்தில் விழுகிறது என்பதை அந்த மொழி பேசுபவரே பார்த்து வரிகளை உடைக்க வேண்டும்.

கேப்ஷனை வீடியோவிலேயே பதித்துவிடுவது கட்டாயம். தனிக் கோப்பாக ஏற்றும் வசதி யூடியூபில் இருந்தாலும், அங்கிருந்து இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்தக் கோப்பு கூடவே போகாது. பதிவின் குறிப்பும் போகாது. வாட்ஸ்அப் வீடியோவை மீண்டும் சுருக்குவதால் மெல்லிய எழுத்து மங்கும். ஆகவே இறுதிக் கோப்பை ஒரு முறை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வந்த பிரதியைப் பழைய போன் ஒன்றில், வெயிலில் நின்றபடி திறந்து, மேல் பட்டையில் உள்ள 108 தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே வெளியிட வேண்டும்.